சித்தப்பாவின் பங்கு

பிரிவினைக்கு வந்த சொத்தில் ஒரு வாரிசு நீண்டகால மனநோயாளியாக இருந்துவிட்டால், குடும்பம் முதலில் தேடுவது அவருடைய கையெழுத்தைத்தான். "எப்படியாவது ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் போதும்" என்ற வாக்கியத்தை எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகள் கேட்டிருக்கிறேன். கையெழுத்திடக் கூடிய ஒருவரை நீதிமன்றம் காட்டிவிடும், அத்துடன் வேலை முடிந்துவிடும் என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். நீதிமன்றம் தந்தது வேறொன்று. கணக்குச் சொல்லக் கடமைப்பட்ட ஒருவரை அது தந்தது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றியே இப்பதிவு. சட்டம் என் துறையன்று. ஆயினும் எங்கள் மனுவின் மொழிபெயர்ப்புகளையும், இப்போது அரையாண்டுக் கணக்குகளையும் எழுதுகிறவன் என்ற முறையில் இதன் உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன்.

செய்தி எளியது. தாத்தா தம் சொந்தச் சம்பாத்தியத்தில் பெங்களூரில் வாங்கிய சிறிய பழைய வீடு ஒன்று. பாட்டி முன்பே காலமாகிவிட்டார். தாத்தா 2016இல் உயில் எழுதாமல் மறைந்தார். வாரிசுகள் மூவர்: மூத்தவர் என் அப்பா, அடுத்து அத்தை, இளையவர் சித்தப்பா. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூவருக்கும் தலைக்கு மூன்றில் ஒரு பங்கு. சித்தப்பாவுக்கு இருபத்து மூன்று வயதில் மனச்சிதைவு நோய் தொடங்கியது. மருந்தின் துணையோடு அந்த வீட்டின் பின்கட்டு அறையிலேயே முப்பதாண்டுகளாக வாழ்ந்து வருகிறார்.

நோயுற்றவருக்குப் பங்கு உண்டா என்ற ஐயம் உறவினர் சிலரிடம் இருந்தது. அது முற்றிலும் கற்பனையன்று. பழைய நினைவின் எச்சம். மிதாட்சர மரபில் சித்தசுவாதீனமற்றவர் வாரிசுரிமையிலிருந்து விலக்கப்பட்டிருந்தார். 1928ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விலக்கைக் குறுக்கி, பிறவியிலிருந்தே அந்நிலையில் இருப்பவர்க்கு மட்டும் என்றாக்கியது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு எஞ்சியதையும் நீக்கியது. நோயோ குறைபாடோ ஊனமோ எவரையும் வாரிசுரிமையிலிருந்து விலக்காது. ஆகவே தாத்தா மறைந்த கணத்திலேயே அந்த மூன்றில் ஒரு பங்கு சித்தப்பாவுடையதாகிவிட்டது. அதை எவரும் அவருக்கு அளிக்க வேண்டியதில்லை. அதை யார் பார்த்துக்கொள்வது என்பது மட்டுமே கேள்வி.

அப்பாவின் திட்டம் நேர்மையானதுதான். வீட்டைத் தாமே எடுத்துக்கொண்டு, அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் பங்குத் தொகையைக் கொடுத்துவிடுவது. அதற்குச் சித்தப்பாவிடமிருந்து விடுதலைப் பத்திரம் வேண்டும். "தெளிவாக இருக்கும் நாளாகப் பார்த்துக் கூட்டிப்போய் எழுதி வாங்கிவிடுங்கள்" என்று பத்திரம் எழுதுபவர் ஒருவர் யோசனை சொன்னார். இதற்கும் சட்டத்தில் ஓர் அடிப்படை இருக்கிறது என்பது எனக்கு வியப்பளித்தது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெரும்பாலும் சித்தசுவாதீனமற்று இருப்பவரும் தெளிந்திருக்கும் இடைவெளியில் ஒப்பந்தம் செய்யலாம் என்கிறது. ஆனால் அந்த நாளில் அவர் தெளிந்திருந்தார் என்பதைப் பின்னர் எப்போதாவது மெய்ப்பிக்க நேர்ந்தால், அந்தச் சுமை பத்திரத்தால் பயனடைந்தவர் தலையில்தான் விழும். முப்பதாண்டு மருத்துவக் குறிப்பேடு உள்ள ஒருவரின் விடுதலைப் பத்திரம், எழுதிய நாளிலேயே வழக்கை வயிற்றில் சுமந்துகொண்டிருக்கும். பதிவுச் சட்டத்தின் 35ஆம் பிரிவுப்படி, எதிரில் நிற்பவர் சித்தசுவாதீனமற்றவராகத் தோன்றினால் சார்பதிவாளர் பதிவை மறுக்கவும் வேண்டும்.

எனவே நீதிமன்றம் மூலம் காப்பாளர் ஒருவரை அமர்த்திக்கொள்வதே வழி என்று முடிவாயிற்று. இங்கேதான் எந்தக் கதவைத் தட்டுவது என்ற குழப்பம் தொடங்கியது.

முதலில் நினைவுக்கு வருவது 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம். அது வயதுவராதவர்களுக்கானது, ஐம்பதைத் தாண்டியவருக்குப் பொருந்தாது. அடுத்தது 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டம். அதன்படி உள்ளூர் அளவிலான குழுவே காப்பாளரை அமர்த்தலாம். ஆனால் தன்மையம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டுமே. மனச்சிதைவு அதில் இல்லை. மூன்றாவது, மனநலச் சட்டம். ஒரு மொழியியல் மாணவனாக என்னை நிறுத்தி வைத்த இடம் இதுதான்.

1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே ஆங்கிலத்தின் பழைய 'லூனசி' என்ற சொல் இருந்தது; நிலவின் பெயரால் பித்தைக் குறித்த சொல். 1987ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கி 'மனநோயுற்றவர்' என்றது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னும் ஒருபடி சென்று, ஆளை முன்னே வைத்து நோயைப் பின்னே தள்ளியது: 'மனநோய் உள்ள நபர்'. ஒவ்வொரு மாற்றமும் வரவேற்கத்தக்கதே. ஆனால் சொத்து உள்ள மனநோயாளியைப் பற்றி மாவட்ட நீதிமன்றம் விசாரித்து மேலாளரை அமர்த்தும் ஒரு முழு அத்தியாயம் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. 2018 மே 29 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது பழைய சட்டம் நீங்கியது. அந்த அத்தியாயமும் சேர்ந்து போயிற்று. அதன் இடத்தில் எதுவும் வைக்கப்படவில்லை. புதிய சட்டத்தில் 'நியமனப் பிரதிநிதி' ஒருவர் உண்டு; ஆனால் அவருடைய பணி சிகிச்சை பற்றியது, சொத்தைத் தொடாது. எங்கள் உறவினர் பலர் அந்த நியமனத் தாளைக் காட்டி வங்கியில் பணம் எடுத்துவிடலாம் என்று நம்பியிருந்தார்கள். எடுக்க முடியாது.

இந்த வெற்றிடத்தில் இரு வழிகள் எஞ்சுகின்றன. ஒன்று, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. அது தருவது வரையறைக்குட்பட்ட காப்பாண்மை: குறிப்பிட்ட முடிவுக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு, அந்த நபரின் விருப்பத்தை ஒட்டி, அவரோடு சேர்ந்து முடிவெடுப்பது. மற்றொன்று, அரசியலமைப்பின் 226ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு. தன்னைக் காத்துக்கொள்ள இயலாத குடிமகனுக்கு அரசே பெற்றோர் என்ற பழங்கோட்பாட்டைக் கொண்டு உயர் நீதிமன்றங்கள் காப்பாளர்களை அமர்த்தி வருகின்றன. நினைவிழந்து கிடக்கும் நோயாளிகள் தொடர்பாகக் கேரள உயர் நீதிமன்றம் 2019இல் ஷோபா கோபாலகிருஷ்ணன் வழக்கில் வகுத்த நெறிமுறைகள் இதில் பெரிதும் எடுத்தாளப்படுகின்றன: சொத்து விவரம் முழுவதையும் வெளியிடுதல், மருத்துவக் குழுவின் சோதனை, வருவாய்த்துறை அலுவலரின் நேரடி விசாரணை, பிற வாரிசுகளின் நிலைப்பாடு, காப்பாளர் காலந்தோறும் அறிக்கை தருதல். நாங்கள் 2021இல் சென்றது இந்த வழியில்.

மனுவில் அப்பா தம்மையே காப்பாளராக முன்மொழிந்திருந்தார். மூத்தவர், கூடவே இருப்பவர், செலவையெல்லாம் பார்த்தவர். குடும்பக் கணக்கில் வேறொருவரை நினைக்கவே இடமில்லை. முதல் விசாரணையிலேயே அது நின்றுபோயிற்று. வீட்டை வாங்கப் போகிறவரும் அவர். சித்தப்பாவின் சார்பில் விற்கப் போகிறவரும் அவரே. ஒருவரே மேசையின் இருபுறமும் உட்கார முடியாது. அவர் நல்லவரா இல்லையா என்பது இங்கே கேள்வியே அன்று. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதை நுட்பமாகப் பிரிக்கிறது: இரத்த உறவு என்பதனாலேயே நலமுரண் இருப்பதாகக் கொள்ளக் கூடாது, ஆனால் குறிப்பிட்ட சொத்துப் பரிமாற்றத்தில் முரண் எழுந்தால், துணை நிற்பவர் அதிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும்.

அப்பா அன்றிரவு அதிகம் பேசவில்லை. "முப்பது வருஷம் சோறு போட்டவன் மேல நம்பிக்கை இல்லையா?" என்று மட்டும் கேட்டார். அத்தைதான் பதில் சொன்னார்: "நம்பிக்கை இல்லாம இல்லண்ணா. நாளைக்கு யாராவது கேட்டா, நீ பதில் சொல்ற இடத்துல நிக்கக் கூடாதுன்னுதான்."

காப்பாளராக அத்தை அமர்த்தப்பட்டார். இந்தத் தேர்வின் தருக்கம் எனக்குப் பின்னால்தான் முழுமையாக விளங்கியது. அத்தையும் இந்த வீட்டில் ஒரு பங்காளி. அவருக்கும் சொந்த நலன் உண்டு. ஆனால் அவரும் விற்பவர். விலை உயர்ந்தால் அவருக்கும் இலாபம், சித்தப்பாவுக்கும் இலாபம். நலனே இல்லாத ஒருவரை உறவுக்குள் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. நலன் ஒரே திசையில் ஓடும் ஒருவரைத் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடுவார்.

ஆணைக்கு முன் இரண்டு சோதனைகள் நடந்தன. முதலாவது மருத்துவக் குழு. நோயின் பெயரை உறுதிசெய்வதோடு அது நிற்கவில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டமே, மனநோய் இருக்கிறது என்பதனால் மட்டும் ஒருவர் சித்தசுவாதீனமற்றவர் ஆகிவிடமாட்டார், அதைத் தகுந்த நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும் என்கிறது. எனவே கேள்விகள் காரியத்தை ஒட்டியவையாக இருந்தன. விற்பது என்றால் என்னவென்று இவருக்குத் தெரிகிறதா? விற்றபின் அந்தப் பொருள் தமதாக இராது என்பதை உணர்கிறாரா? ஒரு இலட்சத்துக்கும் பத்து இலட்சத்துக்கும் உள்ள வேறுபாட்டை மனத்தில் நிறுத்துகிறாரா? அறிக்கையின் முடிவு இரு பகுதிகளாக இருந்தது: அன்றாட வாழ்வு பற்றிய தம் விருப்பங்களைத் தெளிவாகவும் மாறாமலும் சொல்கிறார், பெருந்தொகை ஒன்றின் மதிப்பையோ விற்பனையின் விளைவையோ பற்றிக்கொள்ள இயலவில்லை. காப்பாண்மையின் எல்லையை வரைந்தது இந்த அறிக்கைதான். பணத்துக்குக் காப்பாளர் வேண்டும். எங்கே வாழ்வது என்பதில் அவர் சொல்லே முதன்மை.

இரண்டாவது, நீதிமன்றம் அனுப்பிய வழக்கறிஞர் ஆணையரின் நேரடி வருகை. அதுவரை எங்கள் மனுவிலும் உறுதிமொழித் தாள்களிலும் சித்தப்பா படர்க்கையில்தான் இருந்தார். வீட்டிலும் அப்படித்தான், அவர் எதிரில் உட்கார்ந்திருக்கையிலேயே "அவனுக்கு என்ன தெரியும்" என்று பேசிப் பழகியிருந்தோம். ஆணையர் அறைக்குள் சென்று நாற்காலியை அவருக்கு நேராகப் போட்டுக்கொண்டு, கன்னடத்தில் முன்னிலையில் கேட்டார்: இந்த வீட்டை உங்கள் அண்ணன் எடுத்துக்கொண்டு உங்களுக்குப் பணம் தருகிறார் என்றால், உங்களுக்கு என்ன வேண்டும்? சித்தப்பா சற்று நேரம் கழித்துத் தமிழில் சொன்னார்: "பின்கட்டு ரூம் எனக்கு. சாவி என்கிட்ட இருக்கணும்."

ஆணையரின் வரைவு அறிக்கையில் இது 'இவ்வீட்டில் தொடர்ந்து வசிக்க விரும்புகிறார்' என்று ஆகியிருந்தது. பொருளில் பிழையில்லை, ஆனால் சாவி காணாமற்போயிருந்தது. தொடர்ந்து வசிப்பது என்பதை எந்த மூலையில் ஒரு பாய் போட்டும் நிறைவேற்றிவிடலாம். பூட்டும் சாவியும் கேட்பது வேறு கோரிக்கை. அத்தை இதை எழுத்தில் சுட்டிக்காட்டினார். அவர் சொன்ன சொற்கள் தமிழிலேயே இணைக்கப்பட்டன. இறுதி ஆணையில், தனி அறை, அதன் சாவி அவர் வசம், வாழ்நாள் முழுவதும் வாடகையின்றி என்ற நிபந்தனை இடம்பெற்றது. விற்பனைப் பத்திரத்திலும் அது எழுதப்பட்டது. எழுதாவிட்டால், அப்பாவிடமிருந்து நாளை வீட்டை வாங்குபவரை அது கட்டுப்படுத்துமா என்பதே ஒரு வழக்காகிவிடும்.

விலை இரண்டு மதிப்பீட்டாளர்களைக் கொண்டு நிறுவப்பட்டது. ஒருவர் 84 இலட்சம் என்றார். மற்றவர் 93 இலட்சம். அரசின் வழிகாட்டி மதிப்பு இரண்டுக்கும் கீழே இருந்தது. காப்பாளர் விற்கும்போது வழிகாட்டி மதிப்பை விலையாகக் கொள்ளக் கூடாது. அது முத்திரைத் தீர்வைக்கான அடித்தளமே தவிர, சந்தை விலையன்று. உயர்ந்த மதிப்பீடே எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆகச் சித்தப்பாவின் பங்கு 31 இலட்சம். அறையில் ஒருவருக்கு வாழ்நாள் உரிமை இருக்கும்போது வீட்டின் மதிப்பு குறையும், எனவே தொகையில் கழிவு வேண்டும் என்று அப்பா கேட்டார். நியாயமான வாதம்தான். ஆனால் அத்தை காப்பாளராகக் கையெழுத்திட மறுத்துவிட்டார். கழிவின்றியே முடிந்தது. அப்பாவே காப்பாளராக இருந்திருந்தால் இந்த வாதத்துக்கு எதிர்ப்பக்கமே இருந்திராது.

பணம் அத்தையின் கைக்கு வரவில்லை. சித்தப்பாவின் பெயரில், அவருடைய சொந்த வருமான வரி எண்ணோடு, தேசிய வங்கி ஒன்றில் நிரந்தர வைப்பாக இடப்பட்டது. வட்டி மட்டும் அவருடைய சேமிப்புக் கணக்குக்கு வரும். அதை அத்தை அவருக்காகச் செலவிடலாம். அசலைத் தொட வேண்டுமானால் நீதிமன்ற அனுமதி வேண்டும். 6.5 விழுக்காட்டில் 31 இலட்சத்துக்கு ஆண்டுக்கு 2,01,500 ரூபாய். மாதத்துக்கு ஏறத்தாழ 16,800. மருந்து, மருத்துவர், உணவில் அவர் பங்கு, துணி, சிறு செலவுக்கு அவர் கையில் கொடுப்பது எல்லாம் சேர்த்து மாதம் 13,500 ஆகிறது. மிச்சம் சேர்கிறது. ஆனால் வட்டி நிலையானது, விலைவாசி நிலையானதன்று. இன்றைய மிச்சம் சில ஆண்டுகளில் கரைந்து பற்றாக்குறையாகும். எனவே மிச்சத்தைச் செலவழிக்காமல் ஆண்டுதோறும் தனி வைப்பாக இடுகிறோம். பத்திரமான முதலீடு என்பதற்காக நீதிமன்றங்கள் நிரந்தர வைப்பை விரும்புகின்றன. அந்தப் பத்திரத்துக்கு நாம் கொடுக்கும் விலை இது.

கணக்குத் தொடங்கியபோது வங்கிக் கிளை ஒன்றில் சுவையான தடை ஒன்று வந்தது. காப்பாளர் இயக்கும் கணக்குக்கு அவர்களிடம் ஒரே படிவம்தான் இருந்தது; அது வயதுவராதவருக்கானது. காப்பாண்மை முடியும் நாள் என்ற கட்டத்தில், சித்தப்பாவுக்குப் பதினெட்டு நிறையும் தேதியைக் கணினி கட்டாயமாகக் கேட்டது. அது எண்பதுகளின் இறுதியிலேயே நிறைந்துவிட்டது. உயர் நீதிமன்ற ஆணையின் சான்றிட்ட படியோடு மூன்று முறை சென்ற பிறகே கணக்குப் பிறந்தது.

இப்போது கணக்கேட்டைப் பற்றி. ஆறு மாதத்துக்கொருமுறை அத்தை அறிக்கை தருகிறார்; நான் தொகுக்கிறேன். வரவு, செலவு, இரசீது எண், இருப்பு என்ற நான்கு பத்திகள். இறுதியில் வைப்புச் சான்றின் படியும் மருத்துவரின் குறிப்பும். இதை எழுதத் தொடங்கிய பிறகுதான், காப்பாண்மை எங்கே பழுதாகும் என்பதை வங்கிப் புத்தகத்தைப் பார்த்தே சொல்லலாம் என்று தெரிந்துகொண்டேன். உண்மையான பராமரிப்பின் செலவு ஒழுங்கற்றது: ஒரு மாதம் 11,240, மறுமாதம் பல் பிடுங்கியதால் 17,905. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி 15,000 என்று முழுத்தொகையாக ரொக்கம் எடுக்கப்பட்டிருந்தால், அது பராமரிப்பு அன்று. காப்பாளருக்குச் சம்பளம் போகிறது. மருந்துக்கடை இரசீதுகள் இரண்டு மாதம் நின்றிருந்தால், கணக்கு மட்டுமன்று, மருந்தும் நின்றிருக்கிறது. வரிக்கணக்கு அவர் பெயரில் தாக்கல் ஆகாதிருந்தால், வட்டி வேறொருவர் வருமானமாகக் கலந்திருக்கக் கூடும்.

இன்னொரு பழுது வழக்கு நடக்கும்போதே நேரும். பிரிவினை வழக்கில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 32ஆம் கட்டளைப்படி, தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவர் சார்பில் 'வழக்குக்கான காப்பாளர்' ஒருவர் அமர்த்தப்படுவார். அவருடைய அதிகாரம் அந்த வழக்கை நடத்துவதற்கு மட்டுமே. நீதிமன்ற அனுமதியின்றி அவர் சமரசம் செய்துகொள்ளவோ தீர்ப்புத் தொகையைப் பெறவோ முடியாது. சொத்தை நிருவகிக்கும் காப்பாளர் வேறு. முன்னவரைப் பின்னவராக எண்ணிக்கொண்டு பத்திரம் எழுதிக்கொடுப்பது நான் கேள்விப்பட்ட பல சிக்கல்களின் தொடக்கம்.

இதையெல்லாம் சென்ற மாதம் விடுதியில் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஒடிசாவைச் சேர்ந்த சக ஆய்வாளர் ஒருவர் குறுக்கிட்டார்: "உங்கள் சித்தப்பாவைக் கேட்க முடிந்தது. எங்கள் வீட்டில் ஆளே இல்லையே." அவருடைய அண்ணன் 2011இல் வேலைதேடிச் சென்றவர், திரும்பவில்லை. தந்தை 2015இல் இறந்தார். வீட்டில் தாய், இந்த நண்பர், அண்ணனின் மனைவி, ஒரு மகள்.

காணாமற்போனவரின் பங்கைப் பார்த்துக்கொள்ள நம் நாட்டில் பொதுவான தனிச் சட்டம் இல்லை. போர்த்துகீசியச் சிவில் சட்ட மரபு தங்கியுள்ள கோவாவில் அப்படியொரு ஏற்பாடு உண்டு. பிற இடங்களில் பிரிவினை வழக்குக்குள்ளேயே வழி தேட வேண்டும். இல்லாதவரும் அதில் ஒரு தரப்பினரே. அழைப்பாணை நாளிதழில் வெளியிடப்படும். அவர் வராவிட்டாலும் அவருடைய பங்கு மற்றவர்களுக்குள் கரைந்துவிடாது. நீதிமன்றம் அதைத் தனியே ஒதுக்கி, தேவைப்பட்டால் சொத்துக்காப்பாளர் ஒருவரிடம் ஒப்படைக்கலாம்.

ஏழாண்டு கழிந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்பது பரவலான நம்பிக்கை. பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவும், 2024 முதல் அதன் இடத்தில் நிற்கும் பாரதிய சாட்சிய சட்டத்தின் 111ஆம் பிரிவும் சொல்வது இவ்வளவுதான்: ஒருவரைப் பற்றி இயல்பாகச் செய்தி அறிந்திருக்க வேண்டியவர்கள் ஏழாண்டுகளாக எதுவும் கேள்விப்படவில்லையெனில், அவர் உயிரோடிருக்கிறார் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அப்படிச் சொல்பவரைச் சேரும். அவர் எப்போது இறந்தார் என்று சட்டம் ஊகிக்காது. 2004இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம் எதிர் அனுராதா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: கேள்வி எழுந்த நாளில் அவர் உயிரோடில்லை என்பது மட்டுமே ஊகம், இறந்த தேதி வேண்டுமென்றால் அதைச் சொல்பவர் சான்று காட்ட வேண்டும்.

நண்பரின் வீட்டில் தேதிதான் எல்லாமாக இருந்தது. தந்தை இறந்த 2015இல் அண்ணன் உயிரோடிருந்தார் எனில், தாய்க்கும் இரு மகன்களுக்கும் தலைக்கு மூன்றில் ஒன்று. பின்னர் அண்ணனின் பங்கு அவருடைய தாய், மனைவி, மகள் மூவருக்கும் ஒன்பதில் ஒன்றாகப் பிரியும். தந்தைக்கு முன்பே அவர் இறந்துவிட்டார் எனில், அவருடைய கிளைக்குரிய மூன்றில் ஒன்று மனைவிக்கும் மகளுக்கும் ஆறில் ஒன்றாகப் பிரியும். தாய்க்கு அதில் எதுவும் இல்லை. ஆறில் ஒன்றா, ஒன்பதில் ஒன்றா என்பதை முடிவுசெய்யும் ஒரு தேதி யாரிடமும் இல்லை. 2011இல் அளித்த காவல்நிலையப் புகாரின் படி மட்டுமே கையில் இருந்த ஒரே ஆவணம். ஏழாண்டுக் கணக்கைத் தொடங்கி வைத்ததும் அதுதான்.

இறுதியில் தாய் தமக்கு வரக்கூடிய ஒன்பதில் ஒன்றை மருமகளுக்கும் பேத்திக்கும் விட்டுக்கொடுத்துச் சமரசத்துக்கு இசைந்தார். பேத்திக்குப் பதினைந்து வயது. எனவே அதுவும் நீதிமன்ற அனுமதியின்றிச் செல்லாது. சமரசம் சிறுமிக்கு நன்மையா என்று நீதிபதி கணக்கிட்டுப் பார்த்த பிறகே ஒப்புதல் கிடைத்தது. நண்பரின் அண்ணி அந்த மனுவில் 'காலஞ்சென்ற' என்ற அடைமொழியைத் தம் கணவர் பெயருக்கு முன் இடச் சம்மதிக்கவில்லை. 'ஏழாண்டுகளுக்கு மேலாகச் செய்தியற்ற' என்றே எழுதப்பட்டது. சட்டத்துக்கும் அதுவே போதுமானதாயிருந்தது.

எங்கள் வீட்டில் இப்போது மீதமுள்ள வேலை ஒன்று. அத்தைக்கு அறுபத்து மூன்று வயதாகிறது, சித்தப்பாவைவிட மூத்தவர். காப்பாளர் இறந்தால் அதிகாரம் அவருடைய பிள்ளைகளுக்குப் போகாது. புதிய ஆணை வரும்வரை வட்டி கணக்கிலேயே தேங்கும், மருந்துக்கு வேறு பணம் தேட வேண்டும். எனவே அத்தை நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே, அவருடைய மகளை மாற்றுக் காப்பாளராக ஏற்குமாறு இடைமனு ஒன்றைத் தயாரிக்கிறோம். அப்பாவின் மகன் என்பதால், வீட்டின் எதிர்காலப் பங்காளியாகிய நான் அந்தப் பெயரில் இருக்கக் கூடாது என்று அத்தை முதலிலேயே சொல்லிவிட்டார். சித்தப்பாவிடமும் கேட்டோம், இம்முறை நேராகவே. சற்று யோசித்துவிட்டு, "அவ வந்தா கதவைத் தட்டிட்டு வரட்டும்" என்றார். அதையும் மனுவில் அவர் சொற்களிலேயே சேர்த்திருக்கிறேன்.